“இது நான் எழுதியது போல இல்லையே”: மேலதிகாரிக்காக மின்னஞ்சல் எழுதுபவருக்கு

கேள்வி: எனக்கு வயது 31. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் எட்டு மாதங்களாக முகாமைத்துவப் பணிப்பாளரின் உதவியாளராக இருக்கிறேன். அவர் பெயரில் போகும் மின்னஞ்சல்களை நான்தான் ஆங்கிலத்தில் எழுதி வைக்க வேண்டும். பாதிக்கு மேல் “இது நான் எழுதியது போல இல்லையே” என்று திரும்பி வந்துவிடும். போன மாதம் கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருந்தபோது தொலைபேசியில் “சரி, அனுப்புங்கள்” என்றார். அனுப்பினேன். பிறகு, அதிலிருந்த ஒரு பந்தியைத் தாம் பார்க்கவே இல்லை என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். வேலை இலகுவாகட்டும் என்று தம் கடவுச்சொல்லையும் எனக்குத் தந்திருக்கிறார். என் ஆங்கிலம்தான் குறையா? வகுப்புக்குப் போக வேண்டுமா? இன்னொருவர் பெயரில் எழுதுவதே ஒரு வகைப் பொய்யோ என்றும் சில நாட்கள் தோன்றுகிறது. நான் எழுதிய ஒரு மடலையும், அவர் அதைத் திருத்தி அனுப்பியதையும் பெயர்களை அழித்து இணைத்திருக்கிறேன். — பெயர் வேண்டாம், கொழும்பு 06

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் இணைத்திருந்த இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று தடவை வாசித்தேன். உங்கள் ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை. சொல்லப்போனால் உங்களுடைய ஆங்கிலம் அவருடையதைவிடச் சீரானது. ஆகவே வகுப்புக்குக் கட்ட நினைத்த பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதில் பாதி உங்கள் கையில், மீதி அவர் கையில்.

பொய்யோ என்ற கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது உறுத்திக்கொண்டிருந்தால் நீங்கள் எதையும் துணிந்து எழுத மாட்டீர்கள். நான் கொழும்பில் செயலாளர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பணிப்பாளர் வாயால் சொல்வார், நாங்கள் சுருக்கெழுத்தில் எடுப்போம். பிறகு வரிகளுக்கிடையே இடைவெளி விட்டுத் தட்டச்சுச் செய்து கொண்டுபோய் வைப்போம். அவர் பேனாவால் வெட்டித் திருத்தி, ஓரத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கிறுக்குவார். அந்தக் கிறுக்கல் விழுந்த பிறகுதான் கடிதத்தாளில் சுத்தப் பிரதி வரும். கடிதத்தின் குறிப்பு வரியில் சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிதாகவும், ஒரு சாய்கோட்டுக்குப் பின் தட்டச்சுச் செய்தவரின் எழுத்துகள் சிறிதாகவும் இருக்கும். இன்னொருவர் கை பட்டது என்பது வெளிப்படையாகவே தெரிந்தது, யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. முடிவு அவருடையது, எழுத்து உங்களுடையது, அனுப்பும் முன் அவர் பார்த்துவிட்டார் என்ற மூன்றும் உண்மையாக இருந்தால் அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. மூன்றாவது உண்மையாக இல்லாமற்போகும்போதுதான் சிக்கல் வருகிறது. கட்டுநாயக்காவிலிருந்து வந்த அந்த அழைப்பில் நடந்தது அதுதான்.

உங்கள் காலத்தில் யாரும் வாயால் சொல்லி எழுதவைப்பதில்லை. எங்களுக்கு மேலதிகாரியின் குரல் காது வழியாக வந்து சேர்ந்தது. உங்களுக்கு வருவது “இதற்கு ஒரு பதில் போடுங்கள்” என்ற ஒரு வரி மட்டும். குரலையும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும், அந்த ஓரக் கிறுக்கலுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இந்த இரண்டையும் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அந்த இரண்டு பிரதிகள் சொல்வது

கொள்வனவாளர் கேட்டது இதுதான்: அடுத்த மூன்று மாதங்களுக்கும் இதே விலையை வைத்திருக்க முடியுமா? மடல்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் சாரத்தைத் தமிழில் தருகிறேன். நீங்கள் எழுதியது:

“தங்கள் மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எமக்கிடையிலான நீண்டகால உறவை நாம் பெரிதும் மதிக்கிறோம். தாங்கள் அறிந்தபடி ஏல விலைகள் தற்போது நிலையாக இல்லை. எனினும் மூன்று மாதங்களுக்கும் இதே விலையைப் பேணுவதற்கு எம்மால் இயன்ற அனைத்தையும் செய்வோம் என உறுதியளிக்கிறோம்.”

அவர் அனுப்பியது:

“செப்டெம்பர் கொள்கலனுக்கு இந்த விலை நிற்கும். ஒக்டோபர், நவம்பர் விலையை இன்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் ஏலம் முடிந்த மறுநாள் சொல்கிறேன். செப்டெம்பருக்கு வெள்ளிக்கிழமைக்குள் உறுதிப்படுத்துங்கள்.”

நன்றியையும் நலம் விசாரிப்பையும் அவர் வெட்டிவிட்டார் என்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதைப் பார்த்து, அவருக்குச் சுருக்கம் பிடிக்கும் என்ற முடிவுக்கு வந்ததாக எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மை. ஆனால் சுருக்கமாக எழுதிய அடுத்த மடலும் திரும்பி வந்ததே, ஏன்? அவர் மாற்றியது சொற்களை மட்டுமல்ல. ஒன்றை உறுதியாகக் கொடுத்திருக்கிறார், இரண்டை மறுத்திருக்கிறார், மறுத்ததற்கு விடை எப்போது கிடைக்கும் என்று நாள் குறித்திருக்கிறார், கடைசியாகத் தமக்கு ஒன்றைக் கேட்டிருக்கிறார். நான்கு வாக்கியம், நான்கு காரியம். உங்கள் மடலில் ஐந்து வாக்கியம் இருந்தும் கொள்வனவாளர் செய்யக்கூடியதாக ஒன்றும் இல்லை.

அதைவிடப் பெரியது “இயன்ற அனைத்தையும் செய்வோம் என உறுதியளிக்கிறோம்” என்ற இடம். மரியாதைக்காகத்தான் எழுதினீர்கள். ஆனால் கொழும்புத் தேயிலை ஏலம் வாராவாரம் நடக்கிறது, விலை வாராவாரம் மாறுகிறது. அங்கே வாங்கி வெளியே விற்பவர் மூன்று மாத விலையைப் பற்றி “உறுதி” என்ற சொல்லை வாயில் வைக்க மாட்டார். நவம்பரில் விலை ஏறினால் கொள்வனவாளர் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்னஞ்சல்தானே என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது. முன்மொழிவும் ஏற்பும் மின்னஞ்சலில் நடந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே. நான் சட்டத்தரணி அல்ல. குறிப்பிட்ட ஒரு தகராறு வந்தால் நிறுவனத்தின் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். ஆனால் விலை, திகதி, தரம், நட்டஈடு ஆகிய நான்கையும் தொடும் வாக்கியத்தை உபசாரத்துக்காக எழுதக்கூடாது என்று சொல்வதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் முழுக்க “நாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் “சொல்கிறேன்” என்று ஒருமையில் எழுதுகிறார். முப்பது வருடமாக ஒரே கொள்வனவாளரோடு பழகியவர் நிறுவனமாகப் பேசுவதில்லை, ஆளாகப் பேசுகிறார். “நான் எழுதியது போல இல்லை” என்று அவர் சொல்லும்போது அவருக்கே காரணம் தெரிந்திருக்காது. அந்த “நாம்” அவர் காதில் இடறியிருக்கும்.

குரலை எங்கே தேடுவது

அவருடைய Sent பெட்டியிலிருந்து நாற்பது மடல்களை எடுங்கள். ஆனால் கவனம்: உங்களுக்கு முன்னிருந்த உதவியாளர் எழுதியவையும் அதே பெட்டியில்தான் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகினால் அவருடைய குரல் வராது, முன்னவருடைய குரல்தான் வரும். புதிதாகச் சேர்பவர்கள் பலரும் விழும் குழி இது. அவரே எழுதியதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. அலுவலக நேரத்துக்கு வெளியே, அதிகாலையில் அல்லது ஞாயிறு இரவில் போனவை. கீழே Sent from my iPhone போன்ற வரி உள்ளவை. ஆங்காங்கே எழுத்துப்பிழை உள்ளவை. இவற்றை நம்பலாம்.

நாற்பதையும் யாருக்குப் போனது என்று பிரியுங்கள்: கொள்வனவாளர், வங்கி, தரகர், உள் அலுவலர். ஒரே மனிதர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகப் பேசுவார். பிறகு ஒவ்வொரு குவியலிலும் சிலவற்றை மட்டும் பாருங்கள். எப்படி விளிக்கிறார், முதல் வாக்கியத்தில் என்ன வைக்கிறார், “இல்லை” என்பதை எங்கே வைக்கிறார், எதைக் கேட்டு முடிக்கிறார். ‘கைண்ட்லி’ எழுதுகிறாரா ‘ப்ளீஸ்’ எழுதுகிறாரா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான், அது தானாக ஒட்டிக்கொள்ளும். இல்லை என்பதைச் சிலர் முதல் வரியிலேயே போட்டுவிட்டுக் காரணம் சொல்வார்கள். சிலர் காரணத்தைச் சொல்லி மெல்ல அங்கே வருவார்கள். இந்த ஒன்றைத் தப்பாகப் பிடித்தால் மற்றச் சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் மடல் வேற்றாள் எழுதியதாகத் தெரியும்.

விளிப்பை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பணிப்பாளரின் பழைய நண்பர் ஒருவருக்கு, திரு என்று தொடங்கி முழுப் பெயரும் போட்டு மிக மரியாதையாக ஒரு கடிதம் தயாரித்தேன். அவசரத்தில் அவரும் கையொப்பம் இட்டுவிட்டார். இரண்டு நாளில் அந்த நண்பர் தொலைபேசியில், “என் மேல் உனக்கு என்ன கோபம்?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்துச் செல்லப் பெயரைத் தவிர வேறு பெயரால் அவர்கள் ஒருவரையொருவர் அழைத்ததே இல்லையாம். அன்றிலிருந்து ஒரு சிறு கொப்பி வைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள்: எப்படி விளிப்பது, எப்படி முடிப்பது, யாருக்குப் பிரதி போகக்கூடாது. நீங்களும் அப்படி ஒன்று தொடங்குங்கள்.

திருத்தங்களைப் பிரித்துப் பாருங்கள்

இனி நீங்கள் வைத்ததையும் அவர் அனுப்பியதையும் சேர்த்தே சேமியுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணி நேரம் ஒதுக்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். மைக்ரோசொஃப்ட் வேர்டில் Review பகுதியிலுள்ள Compare வித்தியாசங்களை நிறமிட்டுக் காட்டிவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சொல்லா, தகவலா, நிலைப்பாடா என்று குறியுங்கள்.

சொல் திருத்தம் வாராவாரம் குறைய வேண்டும். குறைந்தால் நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். தகவல் திருத்தம் வந்தால் அனுப்பும் முன் கோப்பைப் பார்க்கவில்லை என்று பொருள். நிலைப்பாட்டுத் திருத்தம் மட்டும் உங்கள் எழுத்தின் குறை அல்ல. கொடுப்பதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லாமலே உங்களை எழுதவைத்திருக்கிறார். நீங்கள் ஊகித்திருக்கிறீர்கள். விலை மடலில் நடந்தது இதுதான். அதற்கு மருந்து எழுதத் தொடங்கும் முன்பே இருக்கிறது. வாசலில் நின்றபடியே கேட்கலாம்: “சேர், பதில் ஆமாவா, இல்லையா, பொறுங்கள் என்பதா? எதைச் சொல்லக்கூடாது? வேறு யார் பார்ப்பார்கள்?” அவர் விடை சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் மூன்று சுற்றுத் திருத்தத்தை மிச்சப்படுத்தும்.

“சரி” என்பதை எப்படி வாங்குவது

இப்போது ஓரக் கிறுக்கலுக்கு வருவோம். அவர் பெரும்பாலும் கைப்பேசியில் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வரைவை இணைப்புக் கோப்பாக அனுப்பாதீர்கள், விமான நிலையத்தில் யாரும் அதைத் திறந்து வாசிக்க மாட்டார்கள். மடலின் உடலிலேயே வையுங்கள். அதற்கு மேலே, அவர் முடிவெடுக்க வேண்டியதை மட்டும் இரண்டொரு வரியில் எழுதுங்கள். ஒரு கொள்கலன் ஒன்பது நாள் பிந்தியதாகக் கொள்வனவாளர் முறையிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

“சேர், அனுமதிக்கு. இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: 1. இரண்டாம் வரியில் ‘வருந்துகிறேன்’ என்று இருக்கிறது, தவறு எங்களுடையது என்று சொல்லவில்லை. இது போதுமா? 2. கழிவு பற்றி எதுவும் எழுதவில்லை. மீதி எல்லாம் கப்பல் நிறுவனத்தின் திகதிகள், சரிபார்த்துவிட்டேன். மாலை 4 மணிக்குள் போனால் அவர்களுக்கு இன்றே கிடைக்கும். பிரதி 2, 11.20.”

இதைப் பார்த்துவிட்டு “சரி” என்றால் எதற்குச் சரி என்பது இருவருக்கும் தெரியும். அந்தப் பந்தியை நான் பார்க்கவில்லை என்று பிறகு சொல்ல இடமில்லை, ஏனென்றால் அந்தப் பந்தியைத்தான் நீங்கள் கையால் சுட்டிக் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் மேலதிகாரி கூட்டத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அறிவிப்பும் சனநெரிசலுமாக இருந்திருக்கும். பந்தி அவர் காதில் விழுந்திருக்காது. எல்லோர் முன்னிலையிலும் சொன்னது தவறுதான், அது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் உங்களிடம் காட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதை மட்டும் மறுபடி நடக்கவிடாதீர்கள்.

தொலைபேசியில் அனுமதி தந்தால், அழைப்பை வைத்த கையோடு அவருக்கு ஒரு வரி போடுங்கள்: “சொன்னபடி பிரதி 2ஐ இப்போது அனுப்புகிறேன், கழிவு பற்றிய வரி இல்லாமல்.” வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வந்தாலும் இதையே செய்யுங்கள். பதில் வராமல் இருப்பதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். அனுமதிக்குப் பின் ஒரு சொல்லை மாற்றினாலும் அது பிரதி 3, திரும்பக் காட்ட வேண்டும்.

கையோடு சில சிறு காரியங்கள். சரி கிடைக்கும்வரை To பகுதியை வெறுமையாக விடுங்கள், தவறி விரல் பட்டாலும் மடல் போகாது. அனுமதி கேட்டு அனுப்பிய மடலையே கொள்வனவாளருக்கு Forward செய்யாதீர்கள், “சேர், அனுமதிக்கு” என்ற குறிப்பும் கூடவே போய்ச் சேரும். புதிய மடலில் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பாதி ஒரு எழுத்துருவிலும் பாதி இன்னொன்றிலும் வரும். வாசிப்பவருக்கு இரண்டு கை பட்டது உடனே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் இந்த முறை வேண்டியதில்லை. கிடைத்தது என்று சொல்வது, சந்திப்பு நேரத்தை உறுதிசெய்வது போன்றவற்றை உங்கள் சொந்தப் பெயரிலேயே அனுப்ப அவரிடம் ஒரு தடவை அனுமதி வாங்கிவிடுங்கள். மறுபக்கம், அனுதாபம், மனமார்ந்த மன்னிப்பு, ஒருவரைக் கண்டிப்பது ஆகிய மூன்றையும் அவரே எழுதட்டும். தகவல்களைத் திரட்டிக் கொடுங்கள், வாக்கியங்களைக் கொடுக்காதீர்கள். துக்க வீட்டுக்குப் போன மடல் இன்னொருவர் எழுதியது என்று தெரிந்தால் அந்தக் காயத்தை ஆற்ற முடியாது.

கடவுச்சொல்லைத் திருப்பிக் கொடுங்கள்

அவர் நம்பிக்கையில் தந்தார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய கடவுச்சொல்லால் உள்ளே போய் அனுப்பும் ஒவ்வொரு மடலும் அவரே அனுப்பியதாகத்தான் பதிவாகும். நாளை ஏதாவது ஒன்று யார் அனுப்பியது என்ற கேள்வி வந்தால், நீங்கள் அனுப்பவில்லை என்று உங்களாலும் காட்ட முடியாது, தாம் அனுப்பவில்லை என்று அவராலும் காட்ட முடியாது. அவருடைய சம்பளப் பட்டியலும் மருத்துவ அறிக்கையும்கூட அதே பெட்டிக்குள் இருக்கும். அவை உங்கள் கண்ணில் படாமல் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

உங்கள் அலுவலகத்தில் மைக்ரோசொஃப்ட் 365 என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. நிர்வகிப்பவர் மூன்று விதமான அனுமதி தரலாம். Full Access இருந்தால் உங்கள் சொந்தக் கடவுச்சொல்லோடு அவருடைய பெட்டியைத் திறந்து, வரைவை அவருடைய Drafts பகுதியிலேயே வைக்கலாம். அது மட்டும் இருந்தால் அவர் பெயரில் அனுப்ப முடியாது. Send on Behalf இருந்தால், அவர் சார்பில் நீங்கள் அனுப்பியதாகப் பெறுபவருக்கு இருவர் பெயரும் தெரியும். Send As இருந்தால் அவரே அனுப்பியது போல அவர் பெயர் மட்டும் தெரியும். இப்போதைக்கு Full Access மட்டும் கேளுங்கள், Send As வேண்டாம். நீங்கள் Drafts பகுதியில் வைக்கிறீர்கள், அவர் கைப்பேசியில் திறந்து வாசித்து தம் விரலால் அனுப்புகிறார். பழைய கிறுக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி முழுவதும் திறப்பது அவருக்கு ஒப்பவில்லை என்றால், தனிப்பட்ட மடல்கள் வேறொரு முகவரிக்குப் போகட்டும், அல்லது முன் சொன்னபடி வரைவுகளை உங்கள் பெட்டியிலிருந்தே அனுமதிக்கு அனுப்புங்கள்.

அவரிடம் இதைக் குறையாகச் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை காலை முதல் தேநீர் வேளையில், “சேர், அன்று எந்தப் பிரதிக்குச் சரி சொன்னீர்கள் என்பதில் எங்கள் இருவருக்கும் குழப்பம் வந்துவிட்டது. இனி உங்கள் Drafts பகுதியில் வைத்துவிடுகிறேன், நீங்களே பார்த்து அனுப்பிவிடலாம். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்” என்று சொல்லுங்கள். பயணத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை, நீங்களே அனுப்ப வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால் Send on Behalf கேளுங்கள். மடலின் அனுப்புநர் வரியில் உங்கள் பெயரும் தெரியும்போது, முன்பு குறிப்பு வரியில் சாய்கோட்டுக்குப் பின் சிறிய எழுத்தில் இருந்த இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.